பிளாஸ்மிட்டுக்கு 18,500 ரூபாய் கட்டினேன், குழாயில் வந்தது பெரும்பாலும் ஆர்.என்.ஏ.

பாக்டீரியாவில் பெருகும் வளைய டி.என்.ஏ.வான பிளாஸ்மிட்டைத் தயாரித்துத் தரும் ஒரு சின்ன தனியார் லேப்பில் 18,500 ரூபாயை இழந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு, பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவை உறையவைத்த கிளிசரால் ஸ்டாக்கை அனுப்ப நினைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஜீனுடன் பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்த பிளாஸ்மிட் அது. மனித செல்களுக்குள் செலுத்த 500 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. எங்கள் லேப்பில் சென்ட்ரிஃப்யூஜ் பழுதாகிக் கிடந்ததால் வெளியில் கொடுத்தோம். போனில் பேசியவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "நாங்க பழைய முறைப்படி கையாலதான் பண்றோம் மேடம், ஜெல் போட்டோவோட ரிப்போர்ட் வரும்" என்றார். பழைய முறை என்றால் 1979-ல் பர்ன்பாயிமும் டோலியும் வெளியிட்ட ஆல்கலைன் லைசிஸ், அதாவது பாக்டீரியாவைக் காரத்தால் உடைத்து பிளாஸ்மிட்டைப் பிரிப்பது. தெரிந்துதான் பேசுகிறார் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். கைடு கையெழுத்துப் போட்டுத் தந்த புராஜெக்ட் பணம், 18,500 ரூபாய்.

ரிப்போர்ட் பளபளவென்று வந்தது. மில்லி லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் செறிவில் அரை மில்லி லிட்டர். தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 2.04. ஜெல் போட்டோவில் அழகான ஒரு பட்டை. ஆனால் அந்தப் போட்டோவின் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. துண்டுகளின் அளவைக் காட்டும் லேடரின் சிறிய பட்டைகள் எதுவுமே படத்தில் இல்லை.

செல்களில் செலுத்திப் பார்த்தால் மைக்ரோஸ்கோப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பச்சை தெரிந்தது. சந்தேகம் வந்து அதே குழாயிலிருந்து எடுத்து ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினேன். லேனின் அடியில், மிகச் சிறிய துண்டுகள் ஓடும் இடத்தில், ஒரு தடித்த ஒளிமேகம். நடுவில் பிளாஸ்மிட் மெல்லிய கோடாக. அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு மங்கலான பட்டை. மேலே, மாதிரியை ஊற்றும் கிணற்றை ஒட்டி ஒரு கறை. அவர்கள் எந்தக் கரைசலில் என்ன கோட்டை விட்டார்கள் என்று இந்த ஒரு லேனே சொல்லிவிட்டது.

ஆல்கலைன் லைசிஸின் முதல் கரைசலில் டிரிஸ், குளுக்கோஸ், ஈ.டி.டி.ஏ. இருக்கும். ஈ.டி.டி.ஏ. மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதால் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு தளரும், டி.என்.ஏ.வை அறுக்கும் நொதிகளும் செயலிழக்கும். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் ஏ-யை இதில்தான் கலப்பார்கள். கலந்த பிறகு பாட்டிலை 4 டிகிரியில் வைக்க வேண்டும். அடியில் தெரிந்த ஒளிமேகம் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏஸைச் சேர்க்கவே இல்லை, அல்லது செத்துப்போன சரக்கைச் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது கரைசல் 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடும் ஒரு சதவீத எஸ்.டி.எஸ்ஸும். எஸ்.டி.எஸ். சவ்வைக் கரைக்கும், காரம் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிரிக்கும். பிளாஸ்மிட்டின் இரு வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதால் பிரிந்தாலும் விலகிப் போகாது. குரோமோசோம் மிக நீளம், அதன் இழைகள் கன்னாபின்னாவென்று சிக்கிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் குழாயை மெல்லத் தலைகீழாகத் திருப்பித்தான் கலக்க வேண்டும். வோர்டெக்ஸ் செய்தால் குரோமோசோம் துண்டு துண்டாகி, கடைசிவரை பிளாஸ்மிட்டுடனேயே வரும். கிணற்றை ஒட்டிய கறை அதுதான். நேரமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளாஸ்மிட்டின் ஒரு பகுதி திரும்பச் சரியாகச் சேரவே முடியாமல் போய், ஜெல்லில் நல்ல பிளாஸ்மிட்டின் முறுக்கேறிய வடிவமான சூப்பர்காயிலுக்கும் முன்னால் ஓடும். ரெஸ்டிரிக்ஷன் என்சைமும் அதை வெட்டாது. வெட்டிப் பார்த்தேன்: பிளாஸ்மிட் சரியான அளவில் நேர்க்கோட்டுப் பட்டையாக வந்தது, முன்னால் ஓடிய மங்கல் பட்டை அப்படியே நின்றது.

மூன்றாவது, அமிலத்தன்மையுள்ள பொட்டாசியம் அசிடேட். காரம் நடுநிலைக்கு வந்ததும் பிளாஸ்மிட் வளையங்கள் சட்டென்று மறுபடி ஜோடி சேர்ந்து கரைசலில் நிற்கும். எஸ்.டி.எஸ். பொட்டாசியத்தோடு சேர்ந்து தயிர்க்கட்டி போலத் திரிந்து, புரதத்தையும் சிக்கலான குரோமோசோமையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். இந்தப் படியில் மட்டும் அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

இதையெல்லாம் படத்தோடு அனுப்பினேன். வந்த பதில்: "ரேஷியோ ரெண்டுக்கு மேல இருக்கே மேடம், ரொம்ப ப்யூர்." சுத்தமான டி.என்.ஏ.வுக்கு 260/280 விகிதம் 1.8 அளவில் இருக்கும். இரண்டோ அதற்கு மேலோ போனால் அது ஆர்.என்.ஏ.வின் அடையாளம். காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்பவருக்கு இது தெரியாதா? ஒளி உறிஞ்சுதலை வைத்துச் செறிவை அளக்கும் நானோடிராப்புக்கு ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. வித்தியாசம் கிடையாது, 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் எதையும் கூட்டிக் காட்டும். இரட்டை இழை டி.என்.ஏ.வோடு மட்டும் சேர்ந்து ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் கியூபிட்டில் பக்கத்து டிபார்ட்மென்டில் போட்டுப் பார்த்தேன். மில்லி லிட்டருக்கு 130 மைக்ரோகிராம். அதாவது அரை மில்லி லிட்டரில் 65. நான் காசு கொடுத்தது 500-க்கு.

அவர்கள் ரிப்போர்ட்டிலேயே இன்னொரு குட்டு இருந்தது. வளர்த்த கல்ச்சர் 25 மில்லி லிட்டர் என்று போட்டிருந்தார்கள். நிறைய பிரதிகள் எடுக்கும் பிளாஸ்மிட்டுக்குக்கூட சாதாரண எல்.பி. ஊடகத்தில் மில்லி லிட்டருக்கு இரண்டிலிருந்து ஐந்து மைக்ரோகிராம் கிடைப்பதே வழக்கம். 25 மில்லி லிட்டரில் 500 என்றால் மில்லி லிட்டருக்கு 20. 65 என்றால் 2.6, அதுதான் நம்பக்கூடிய கணக்கு.

அடுத்த பதில்: "ஆர்.என்.ஏஸ் போட்டு 37 டிகிரில வைங்க, சரியாயிடும்." செய்தேன். ஜெல்லில் ஒளிமேகம் மறைந்தது, ஆர்.என்.ஏ.தான் என்பது உறுதியானது. நானோடிராப் எண் மட்டும் குறையவே இல்லை, ஏனென்றால் சிதைந்த நியூக்ளியோடைடுகளும் அதே ஒளியை உறிஞ்சும். திரும்பவும் சுத்திகரித்தால்தான் அவை போகும், அப்புறமும் மிஞ்சுவது அந்த 65 கூட இருக்காது. இதைச் சொன்னதும், "உங்க செல் சரியில்லாம இருக்கும்" என்றார்கள். பிறகு சீனியர் சயின்டிஸ்ட் கூப்பிடுவார் என்றார்கள். அப்படி யாரும் கூப்பிடவில்லை. இப்போது நான் அனுப்பும் மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. 18,500 ரூபாய்! ஒரு நல்ல கிட் வாங்கி, சென்ட்ரிஃப்யூஜையும் ரிப்பேர் செய்திருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் முடியவில்லை. இவ்வளவு மட்டும்: முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். கிணறு முதல் அடிவரை வெட்டாத ஜெல் படம், என்சைமால் வெட்டிய மாதிரியின் லேனோடு கேளுங்கள். கியூபிட் எண் இல்லாத ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். கல்ச்சர் அளவால் மகசூலை வகுத்துப் பாருங்கள். உங்கள் கிளிசரால் ஸ்டாக்கில் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.