டொரண்டோவின் ஒன்பது மணி, சென்னையின் ஆறரை மணி: செயலியில் நேரத்தைச் சேமிக்கும் மூன்று வழிகள்

இணையவழி இசை வகுப்புகளுக்கான ஒரு செயலியின் பராமரிப்பில் சில காலம் பங்கெடுத்திருந்தேன். அதில் சென்னையிலிருக்கும் வயலின் ஆசிரியை ஒருவரும் டொரண்டோவிலிருக்கும் மாணவி ஒருவரும், சனிக்கிழமைதோறும் டொரண்டோ நேரப்படி காலை 9 மணிக்கு வகுப்பு என்று பேசி முடித்திருந்தார்கள். கோடை முழுவதும் அது சென்னையில் மாலை 6:30 ஆக இருந்தது. 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கனடாவில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயின. அடுத்த வகுப்பு நவம்பர் 8. செயலி மாணவிக்குக் காலை 8 மணி என்றும் ஆசிரியைக்கு வழக்கம்போல 6:30 என்றும் காட்டியது. மாணவியின் வீட்டார் செயலியைப் பார்க்காமல் பேசிய பேச்சை நம்பி ஒன்பது மணிக்கு அமர்ந்தார்கள். ஆசிரியையோ அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, காத்திருந்து, எழுந்து போயிருந்தார். “செயலி நேரத்தைத் தப்பாகக் காட்டுகிறது” என்று புகார் வந்தது.

செயலியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நேரம் சேமிக்கப்பட்ட விதம்தான் அந்த வகுப்புக்குப் பொருந்தவில்லை. நேரத்தைத் தரவுத்தளத்தில் வைப்பதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. மூன்றையும் இந்த ஒரே வகுப்பை வைத்து உரசிப் பார்க்கலாம்.

முதல் வழி, சுவரில் மாட்டிய கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதி வைப்பது: `2025-11-08 18:30`, அவ்வளவுதான். எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இருக்காது. எழுதியவரும் சர்வரும் பயனரும் ஒரே நாட்டில் இருக்கும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், கோடைக்கால மாற்றமும் இல்லை என்பதால் நம் ஊரில் எழுதப்பட்ட பல செயலிகள் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அலுவலகத்திலிருந்த சர்வரை மேகக் கணினிக்கு மாற்றும் நாளில்தான் குட்டு உடையும். அங்கே இயல்பாக, உலகப் பொது நேரமான யூடிசியே வைக்கப்பட்டிருக்கும். அதே 18:30 இப்போது யூடிசி என்று படிக்கப்பட்டு, ஐந்தரை மணி நேரம் கூட்டப்பட்டு, சென்னை ஆசிரியைக்கு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு 12 மணி என்று காட்டப்படும். மணி மட்டுமல்ல, கிழமையும் மாறிவிடும். பக்கத்தில் ‘ஐ.எஸ்.டி.’ என்று எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சுருக்கத்தை இந்தியாவோடு இஸ்ரேலும் அயர்லாந்தும் பயன்படுத்துவதால் அதை நம்ப முடியாது.

இரண்டாம் வழி, எல்லாவற்றையும் யூடிசிக்கு மாற்றிச் சேமித்து, காட்டும்போது மட்டும் பார்ப்பவரின் நேர மண்டலத்துக்குத் திருப்புவது. பாடநூல்கள் பரிந்துரைப்பதும், எங்கள் செயலியில் இருந்ததும் இதுவே. நடந்து முடிந்தவற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை: பணம் கட்டிய நேரம், செய்தி அனுப்பிய நேரம், கோப்பைத் திறந்த நேரம் எல்லாம் கால ஓட்டத்தில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் நகராது. ஆனால் இனி நடக்கப்போகும் வகுப்பு ஒரு புள்ளி அல்ல, ஒரு வாக்குறுதி. “டொரண்டோ நேரம் காலை 9” என்ற வாக்குறுதியை ஆகஸ்டு மாதத்தில் யூடிசியில் `13:00Z` என்று மாற்றி எழுதியபோது, அதில் டொரண்டோ என்ற ஊரே மறைந்துபோனது. நவம்பரில் அதைத் திருப்பிப் பார்க்கையில் காலை 8 தான் வரும். ஊர் நேரப்படி 9 மணி வேண்டுமென்றால் அது `14:00Z` ஆக, அதாவது சென்னையில் 7:30 ஆக, நகர்ந்திருக்க வேண்டும்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சு “சென்னை நேரம் மாலை 6:30” என்று இருந்திருந்தால், இந்த இரண்டாம் வழி சரியான விடையையே கொடுத்திருக்கும். மாணவிக்கு எட்டு மணி என்று காட்டியதும் சரியே. ஆக, வகுப்பு யாருடைய கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை நிரல் எழுதுபவர் ஊகிக்க முடியாது. பதிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

மூன்றாம் வழி அந்தக் கேள்வியின் விடையையும் சேர்த்துச் சேமிப்பது. ஊர் நேரத்தை ஒரு புலத்திலும், நேர மண்டலத்தின் முழுப் பெயரை இன்னொரு புலத்திலும் வைக்கிறோம்:

```
local_time : 2025-11-08 09:00
zone       : America/Toronto
```

வகுப்பு நெருங்கும்போது இவ்விரண்டிலிருந்தும் யூடிசியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். யூடிசியிலிருந்து டொரண்டோ விலகி நிற்கும் அளவான `-05:00` என்ற எண்ணை வைத்தால் போதாது, பெயர்தான் வேண்டும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கை 1996 மே மாதத்தில் தன் கடிகாரத்தை யூடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னதாக வைத்தது; அதே ஆண்டு அக்டோபரில் அதை ஆறு மணி நேரமாகக் குறைத்தது; 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. கொழும்பில் 1998-இல் காலை 10 மணிக்குப் பிறந்த ஒருவரின் நேரத்தை, இன்றைய `+05:30` கொண்டு யூடிசிக்கு மாற்றும் ஜாதகச் செயலி அரை மணி நேரம் தவறுகிறது. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ராசி மாறுவதால், எல்லையில் பிறந்தவருக்கு லக்னமே மாறிப்போகும். `Asia/Colombo` என்ற பெயரைக் கொடுத்தால் இந்த வரலாறு முழுவதும் நேர மண்டலத் தரவுத் தொகுப்பிலிருந்து தானாக வந்துவிடும்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. மார்ச் 8, 2026 அன்று டொரண்டோவில் அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. கடிகாரம் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவியது. 2025 நவம்பர் 2 அன்று 1:30 இரண்டு முறை வந்தது. இவற்றுக்கு என்ன செய்வது என்று நாமே முடிவெடுத்தாக வேண்டும். தரவுத் தொகுப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் அவசியம். மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-இல் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. அதை அறியாத பழைய கைப்பேசிகள் 2023 ஏப்ரலில் தாமாகவே ஒரு மணி நேரம் முன்னே போயின. அதனால் கணக்கைக் கைப்பேசியில் விடாமல் சர்வரில் செய்வதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `timestamp with time zone` என்று பெயர் இருந்தாலும் அது நேர மண்டலத்தைச் சேமிப்பதில்லை, யூடிசிக்கு மாற்றிவிட்டு ஊரை மறந்துவிடும். அதாவது அது இரண்டாம் வழி. மூன்றாம் வழி வேண்டுமானால் மண்டலப் பெயருக்குத் தனிப் புலம் வைக்க வேண்டும்.

பிறந்த தேதிக்கு இம்மூன்றுமே பொருந்தாது. அது வெறும் தேதி. அதில் மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. அதை நேரமாக மாற்றும் பழக்கம் ஜாவாஸ்கிரிப்டில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது:

```
new Date("1998-07-14")
new Date(1998, 6, 14).toISOString()
```

முதல் வரி அந்தத் தேதியை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் சோதிப்பவருக்கு அது ஜூலை 14 காலை 5:30 என்று தெரிவதால் தேதி சரியாகவே இருக்கும். டொரண்டோவில் திறந்தால் ஜூலை 13 இரவு 8 மணி. இரண்டாம் வரி இதற்கு எதிர்த்திசையில், சென்னையிலேயே சறுக்கும்: `1998-07-13T18:30:00.000Z`. தரவுத்தளத்தில் வரிசையாக 18:30 என்று முடியும் மதிப்புகளைக் கண்டால், யாரோ இந்தியாவில் அமர்ந்து வெறும் தேதியை நேரமாக்கிச் சேமித்திருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். தேதியைத் தேதிப் புலத்திலோ எழுத்துச் சரமாகவோ விட்டுவிடுவதே மேல்.

இதுவரை பார்த்தவை எல்லாம் கைப்பேசியின் கடிகாரம் சரி என்ற அனுமானத்தில் நிற்பவை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் ஒருவர், தானியங்கி நேர மண்டலத்தை அணைத்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இறங்கியதும் திரையில் மணி இரண்டரை மணி நேரம் அதிகமாகத் தெரிகிறது. மண்டலத்தை மாற்றுவதற்குப் பதிலாக அவர் முட்களை, அதாவது எண்களை, கையால் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். திரையைப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் கைப்பேசி இன்னமும் தன்னைச் சிங்கப்பூரில் இருப்பதாகவே நினைக்கிறது. எனவே அது நம்பும் யூடிசி இரண்டரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. அவர் அனுப்பும் ஒவ்வொரு பதிவும் அவ்வளவு முன்னதாகவே அனுப்பியதாகச் சர்வரில் பதியும், பிறரின் பதில்கள் எதிர்காலத்திலிருந்து வந்தவைபோலத் தெரியும்.

இங்கே போட்டி கைப்பேசிக் கடிகாரத்துக்கும் சர்வர் கடிகாரத்துக்கும் இடையே. வருகைப்பதிவு, கட்டணம் போன்றவற்றில் சர்வர் பெற்ற நேரத்தையே எழுத வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வலையிணைப்பு இல்லாதபோது பதிவாகும் செயல்களுக்குத்தான் சிக்கல். அவை சர்வரை அடையும் நேரம், நடந்த நேரம் ஆகாது. அங்கே ஆண்ட்ராய்டின் `SystemClock.elapsedRealtime()` உதவும். கைப்பேசி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த காலத்தை அது எண்ணுகிறது. பயனர் கடிகாரத்தை மாற்றினாலும் அது அசையாது. செயல் நடந்தபோதும் அனுப்பும்போதும் அதைக் குறித்து, வித்தியாசத்தைச் சர்வர் நேரத்திலிருந்து கழித்தால் உண்மையான நேரம் கிடைக்கும். இடையில் கைப்பேசியை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும் என்பதால் இம்முறை கைகொடுக்காது.

புகார் வரும்போது நான் முதலில் கேட்பது, எவ்வளவு பிசகு என்பதைத்தான். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் மண்டலம் தொலைந்திருக்கிறது. பதினொரு மணி நேரம் என்றால் ஐந்தரையைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறார்கள், அல்லது கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் என்றால் கோடைக்கால மாற்றம். ஒரு நாள் என்றால் வெறும் தேதி நேரமாகியிருக்கிறது. ஏழு நிமிடம், பத்தொன்பது நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் வந்தால் அந்த ஒரு கைப்பேசியின் அமைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.

வயலின் வகுப்பின் பதிவை மூன்றாம் வழிக்கு மாற்றினோம். மாணவிக்குக் காலை 9:00 என்றும், ஆசிரியைக்கு “மாலை 7:30, டொரண்டோ நேரம் காலை 9:00” என்றும் செயலி காட்டத் தொடங்கியது. மறுநாளே ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். குளிர்காலம் முழுவதும் ஏழரை மணிக்கு அவருக்கு இன்னொரு மாணவர் இருந்தார்.