பதினைந்து பேர் கணக்கு: தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பா?

போன மாதம் தங்கச்சி மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸிலிருந்து போன் செய்தாள். மகன் அடுத்த வருடம் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறான். வீட்டில் மூன்று கட்சி. மாமியார் தமிழ்ப்பள்ளி என்கிறார். வீட்டுக்காரர், மலாயில் பாடம் நடக்கும் பக்கத்துத் தேசியப் பள்ளியில் போட்டுவிட்டு அங்கேயே தமிழ் வகுப்புக்கு அனுப்பலாம் என்கிறார். இவளுக்கோ, கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும் டி.எல்.பி. தமிழ்ப்பள்ளி மேல் ஆசை. “எதில் போட்டால் அவனுக்குத் தமிழ் தங்கும் அண்ணே?” என்று கேட்டாள்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். மாமியார் பேசுவது தமிழுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடத்தைப் பற்றி. தங்கச்சியின் கவலை பாடப்புத்தகச் சொற்கள். மாப்பிள்ளையை உறுத்துவது, பையன் பதின்மூன்று வயதில் எங்கே போய் நிற்பான் என்பது. மொழித் திட்டமிடலைப் படிப்பவர்கள் இந்த மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைப்பார்கள். ஹைன்ஸ் க்ளோஸ் 1969இல் முதல் இரண்டைப் பிரித்தார். ஒரு மொழி எங்கே செல்லுபடியாகும் என்பது தகுநிலைத் திட்டமிடல். எழுத்து, கலைச்சொல், பாடநூல் என்று மொழிக்குள்ளேயே செய்யும் வேலை மொழியமைப்புத் திட்டமிடல். 1989இல் ராபர்ட் கூப்பர் மூன்றாவதைச் சேர்த்தார். அந்த மொழி அடுத்த தலைமுறையின் வாய்க்கும் கைக்கும் போய்ச் சேருவதற்கான ஏற்பாடு அது, கற்றல் திட்டமிடல். தங்கச்சி வீட்டு மூன்று வழிகளையும் இந்த மூன்று பெட்டிகளில் போட்டுப் பார்ப்போம்.

தகுநிலையில் தமிழ்ப்பள்ளிதான் முதலில் நிற்கிறது, அதில் சண்டையே இல்லை. 1996 கல்விச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, மலாய்தான் முக்கியப் போதனா மொழி என்று சொல்லிவிட்டு, 28ஆவது பிரிவின் கீழ் வரும் தேசிய வகைப் பள்ளிகளுக்கு, அதாவது தமிழ், சீனப் பள்ளிகளுக்கு, விலக்குத் தருகிறது. தமிழில் பாடம் நடத்தும் உரிமை அங்கேதான் இருக்கிறது. 1961 சட்டத்தில் 21(2) என்று ஒரு பிரிவு இருந்தது. அமைச்சர் நினைத்தால் ஒரு தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றிவிடலாம். 1996இல் அது போய்விட்டது. இந்தப் பள்ளிகளே அரசியலமைப்புக்கு விரோதம் என்று போட்ட வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளியது.

மாமியார் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இந்த விலக்கு ஆரம்பப்பள்ளியோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியின் முதல் வருடமான படிவம் ஒன்றுக்குப் போனதும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் தேசியப் பள்ளிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள், இருவருக்கும் பாடம் மலாயில். ஆறு வருடம் போதனா மொழியாக இருந்த தமிழ் அங்கே ஒரு பாடமாகச் சுருங்கும். அதுவும் கேட்டால்தான் கிடைக்கும்.

தேசியப் பள்ளியில் தமிழின் தகுநிலை முதல் நாளிலிருந்தே அதுதான், கேட்டால் கிடைக்கும் ஒரு பாடம். பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பூர்வகுடி மொழிகளுக்கு இதைவிடப் பலவீனமான இடம். 15 பேர் கேட்பதோடு, ‘நியாயமாகவும் சாத்தியமாகவும் இருந்தால்’ என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. அந்த வாசகம் நமக்கு இல்லை. நம் ஆட்கள் கூட்டங்களில் இதை அதிகம் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய விஷயம்.

டி.எல்.பி. கதை வேறு. பெயர்ப்பலகையில் தமிழ்ப்பள்ளி, சட்டத்திலும் தமிழ்ப்பள்ளி. ஆனால் வாரத்தின் பாட நேரத்தை எண்ணிப் பாருங்கள். மலாய் மலாயில், ஆங்கிலம் ஆங்கிலத்தில். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போனால் தமிழில் மிஞ்சுவது தமிழ்ப் பாடம், நன்னெறி, உடற்கல்வி, ஓவியம் மாதிரிச் சில. தமிழ் இன்னும் ‘முக்கியப் போதனா மொழி’தானா என்று எதிர்ப்பாளர்கள் கல்விச் சட்டத்தைக் காட்டிக் கேட்டது இதனால்தான். கேள்வி சரியானது என்பது என் கருத்து, தங்கச்சிக்குப் பிடிக்காவிட்டாலும்.

அடுத்த பெட்டி மொழியமைப்பு. தமிழைப் பொறுத்தவரை இது நாம் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. சபாவில் கடஸான்டூசுன் என்ற பூர்வகுடி மொழியைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முன், எந்த வட்டார வழக்கைப் பொதுமொழியாக எடுப்பது என்றே முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1995இல் பூண்டு லிவான் வழக்கை அடிப்படையாக ஏற்றார்கள், 1997இல் பாடம் தொடங்கியது. நமக்கு அந்த வேலை இல்லை. எழுத்து இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, ‘ஒளிச்சேர்க்கை’, ‘ஈர்ப்பு விசை’, ‘பின்னம்’ எல்லாம் இருக்கின்றன.

சொல் இருந்தும் பிள்ளையின் வாயில் தங்காததுதான் இங்கே வரும் சிக்கல். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டம் 2003இல் வந்தபோது தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக் கணிதமே ஆங்கிலத்துக்குப் போனது. 2009இல் திருப்பிவிடும் முடிவை அறிவித்தார்கள். அந்த இடைவெளியில் படித்த என் சித்தப்பா மகன் ‘பிராக்‌ஷன்’ என்று கற்றான். இடைநிலைப் பள்ளிக்குப் போனவன் மலாயில் ‘பெச்சாஹான்’ என்கிறான். ‘பின்னம்’ என்ற சொல்லை முதன்முதலில் கேட்டது தன் தம்பியின் வீட்டுப்பாடத்தில். கலைச்சொல் அகராதியில் ஒரு குறையும் இல்லை, அவன் தலையில்தான் இல்லை. டி.எல்.பி. வகுப்பிலும் இதேதான் நடக்கும், அங்கே மட்டும் பெற்றோர் விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள்.

தேசியப் பள்ளியின் தமிழுக்குத் தனிப் பாடத்திட்டம், தனிப் பாடநூல். வீட்டில் தமிழ் அதிகம் பேசாத பிள்ளையையும் மனத்தில் வைத்து அது எழுத்திலிருந்து மெதுவாகப் போகும். அதுவரை சரி. ஆனால் படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்த் தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆறு வருடம் தமிழிலேயே அறிவியல் படித்தவனும், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தமிழ் பார்த்தவனும் ஒரே தாளில் கட்டுரை எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டு இல்லை.

இனி கற்றல். தமிழ் கசிவது பெரும்பாலும் இங்கேதான்.

நான் படிவம் ஒன்றுக்குப் போனபோது தமிழ் வகுப்பு மதியம் ஒன்றரை மணிக்கு, அறிவியல் கூடத்தில். ஜனவரியில் 19 பேர் இருந்தோம். ஸ்டூல் போதாமல் நான்கு பேர் நின்றுகொண்டே எழுதினோம். மார்ச்சில் ஸ்டூல் தாராளமாகக் கிடைத்தது, எட்டுப் பேர்தான். யாரும் தமிழை வெறுத்துப் போகவில்லை. பஸ் போய்விடும் என்பதால் போனார்கள்.

சட்டம் சொல்லும் 15ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஓர் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் 5 பேர், இரண்டில் 4, மூன்றில் 3, நான்கில் 2, ஐந்தில் 1. கூட்டினால் 15. சட்டம் எண்ணுவது பள்ளி மொத்தத்தை, ஆக நிபந்தனை நிறைவேறிவிட்டது. இப்போது கால அட்டவணை போடும் ஆசிரியரின் மேசைக்கு வாருங்கள். படிவம் ஒன்றின் ஐந்து பேரும் மூன்று வகுப்புகளில் சிதறிக் கிடக்கிறார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்குத் தமிழ் என்று வைத்தால் அந்த மூன்று வகுப்பிலும் அந்நேரம் வேறு பாடம் ஓடுகிறது, பிள்ளைகள் அதை இழப்பார்கள். ஐந்து படிவத்துக்கும் ஐந்து தனி நேரம் ஒதுக்கினால், இரண்டு பேர், ஒருவர் என்று வகுப்பு நடத்த ஓர் ஆசிரியரின் வாரம் போகும். எனவே எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து, பள்ளி முடிந்தபின் ஒரே அறையில். படிவம் ஐந்து மாணவி எஸ்.பி.எம். கட்டுரை எழுத, படிவம் ஒன்று பையன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். இரண்டு பேர் வருவதை நிறுத்தினால் 13. அப்போது 15 பேர் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் தடுக்காமலே, ஒரு கடிதமும் வராமலே தமிழ் அந்தப் பள்ளியை விட்டுப் போய்விடும்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. படிவம் ஒன்றில் வகுப்பு பிரிக்கும்போதே தமிழ் எடுக்கும் பிள்ளைகளை ஒரே வகுப்பில் போட்டுவிட வேண்டும். அப்போது தமிழை அட்டவணைக்குள், காலையிலேயே வைக்கலாம். அதற்கும் விலை உண்டு. இந்தியப் பிள்ளைகளை ஒதுக்கி வைக்கிறார்கள் என்ற பேச்சு வரும், மற்ற இனப் பிள்ளைகளோடு பழகும் நேரமும் குறையும். எந்த வருத்தம் பரவாயில்லை என்று பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் பள்ளி திறக்கும் முன்னே. பிப்ரவரியில் போய்க் கேட்டால் அட்டவணை ஒட்டியாகிவிட்டது என்பார்கள்.

தமிழ்ப்பள்ளிக்குக் கற்றலில் பெரிய அனுகூலம், முதல் ஆறு வருடம் இந்தக் கணக்கே தேவையில்லை என்பது. தமிழ் எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல் நாள் முழுக்க நடக்கிறது. ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மலாயில் தேறாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் பயம் அங்கிருந்து வருகிறது, அவர் அண்ணன் அப்படி உட்கார்ந்தவர். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆகத் தங்கச்சிக்கு நான் சொன்னது இது. தமிழ் தங்குவதுதான் கேள்வி என்றால் சாதாரணத் தமிழ்ப்பள்ளி முதல், டி.எல்.பி. தமிழ்ப்பள்ளி அடுத்து, தேசியப் பள்ளி மூன்றாவது. மலாய் சரளம்தான் கேள்வி என்றால் இந்த வரிசை தலைகீழாகலாம். எதை எடுத்தாலும், அவன் படிவம் ஒன்றுக்குப் போகப்போகும் இடைநிலைப் பள்ளியில் தமிழ் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இப்போதே கேட்டு வை என்றேன்.

மறுநாளே கேட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி என்றார்களாம். “பள்ளி பஸ் எத்தனை மணிக்கு?” என்றேன்.

“ஒன்றே முக்காலுக்கு.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்தாள். “தமிழ்ப்பள்ளியில் போட்டுவிட்டு வேன் அங்கிளிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும் போல.”