600 மைக்ரான் சல்லடை: மூன்று வருஷம் எம்-சாண்ட் சலித்த பிறகு

சூளகிரிப் பக்கம் கிரஷர் லேபில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, சல்லடையில ஒட்டியிருக்கிற காலிபரேஷன் ஸ்டிக்கர்ல இன்னும் நாலு மாசம் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா பார்க்கணும்?" இங்கே பயன்பாட்டில் இருப்பது 200 மி.மீ. பித்தளைச் சட்டமும் பாஸ்பர் பிரான்ஸ் வலையும் கொண்ட செட். அதில் 600 மைக்ரான் சல்லடையை மட்டும் வைத்து அவருக்குப் பதில் சொல்கிறேன்.

ஏன் அது மட்டும்? ஐ.எஸ். 383 மணலை நான்கு மண்டலமாகப் பிரிப்பது 600 மைக்ரானில் இறங்கும் அளவை வைத்துத்தான். 35 முதல் 59 சதவீதம் இறங்கினால் இரண்டாம் மண்டலம், 60 முதல் 79 வரை மூன்றாம் மண்டலம். மற்ற சல்லடைகளில் கொஞ்சம் முன்பின் ஆனால் விதியில் சலுகை உண்டு, 600-இல் கிடையாது. ஆக, இந்த ஒரு வலையின் கண் விரிந்தால் மணலின் பெயரே மாறிவிடும்.

எங்கள் பக்கத்துக் கருங்கல் மணல் கூர்முனை உள்ளது. கண்ணின் அளவையே ஒட்டிய கல் அதில் போய் இறுகும். அதை இரும்பு பிரஷ்ஷால் தேய்ப்பதும் ஊசியால் குத்துவதும்தான் எனக்குத் தீராத எரிச்சல். கம்பி ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு கண் பெரிதாகும், பக்கத்துக் கண் சிறிதாகும். சராசரி எடுத்தால் இரண்டும் சமமாகி, சல்லடை நன்றாக இருப்பது போலவே தெரியும். ஆனால் ஷேக்கர் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆட்டும்போது கல் அந்தப் பெரிய கண்ணைத் தேடிப் பிடித்து இறங்கிவிடும். அதனால் சராசரியோடு மிகப் பெரிய கண்ணையும் எழுதி வைக்க வேண்டும்.

பார்க்கும் முறை இதுதான். கழுவி உலர்த்திய சல்லடையை டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். அறுந்த கம்பி, தொய்வு, சட்டத்தோடு ஈயம் பிரிந்த இடம் எல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அதற்கு மேல் அளக்க வேண்டியதில்லை, சல்லடை கழிவு. எதுவும் இல்லையென்றால் யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப். முதலில் கண்ணாடி அளவுகோலை வைத்து அதைச் சரிபார்த்துக்கொண்டு, நடுவிலும் ஓரங்களிலும் கண்களை அளக்கவும். நெடுக்கு வேறு, குறுக்கு வேறு என்று எழுத வேண்டும். மூலையிலிருந்து மூலைக்கு அளக்கக் கூடாது. எதிரெதிர் கம்பிகளின் நடுப்பகுதிக்கு இடையே அளக்க வேண்டும்.

கூடவே கம்பித் தடிமனையும் அளங்கள். புதிதில் கண் 600, கம்பி 400, கூட்டினால் 1000 மைக்ரான். எங்கள் சல்லடையின் நடுப்பகுதியில் குறுக்குவாட்டில் சராசரி 628 வந்தது. கம்பி 372. கூட்டினால் அதே 1000. கம்பி நகரவில்லை, தேய்ந்திருக்கிறது. கூட்டுத்தொகையே மாறியிருந்தால் நகர்ந்தது அல்லது வலை இழுபட்டது என்று அர்த்தம். ஓரத்தில் 603தான் இருந்தது. 600-க்குச் சராசரியில் அனுமதிக்கும் விலகல் சுமார் 20 மைக்ரான் என்பதால், நடுப்பகுதி எல்லை தாண்டிவிட்டது.

அது மணலில் எவ்வளவு காட்டும் என்பதை மைக்ராஸ்கோப் சொல்லாது. அதற்கு, தினசரி வேலைக்குத் தொடாத மாஸ்டர் சல்லடை ஒன்று வேண்டும். உலர்ந்த மணலை ரிஃபிள் பாக்ஸில் 500 கிராம் பங்குகளாகப் பிரித்து இரண்டு செட்டிலும் சம நேரம் சலித்தோம். மாஸ்டரில் 285 கிராம் இறங்கியது, 57 சதவீதம். பழையதில் 305 கிராம், 61 சதவீதம். ஒரே சல்லடையில் இரண்டு பங்கு சலித்தால் வரும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள்தான், ஆகவே இந்த நான்கு, கண்ணின் தேய்மானம். இரண்டாம் மண்டல மணலை மூன்றாம் மண்டலம் என்று எழுதியிருப்போம், கிரஷர் செட்டிங்கையும் தேவையில்லாமல் மாற்றியிருப்பார்கள்.

ஸ்டிக்கர் சொல்வது அளந்த நாளின் நிலையை மட்டும்தான். தேய்மானம் தேதியைப் பார்த்து வராது, சலித்த மணலின் அளவைப் பார்த்து வரும். மாசம் ஒரு தடவை மாஸ்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தம்பி.

பித்தளைச் சட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெளியவில்லை, ஒன்றின் மேல் ஒன்று இன்றும் அருமையாக உட்காருகிறது, தூசி வெளியே வராது. இவ்வளவு இருந்தும் 600-க்குப் பாஸ்பர் பிரான்ஸ் வலையை இனி வாங்க மாட்டேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். மற்ற அளவுகளில் இருப்பதே ஓடட்டும்.

கழித்த சல்லடையின் வலையைக் குறுக்கே வெட்டிவிட்டு ஓரம் வையுங்கள். முழுசாக இருந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து செட்டில் போட்டுவிடுவார்கள்.