முத்திரைத்தாள் தட்டிலா, கையால் செருகும் வாயிலா?

வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கம் மட்டும் முத்திரைத்தாளில் வரவேண்டும். மற்றவை சாதாரணத் தாளில். முத்திரைத்தாளைப் பிரிண்டரின் தட்டில் மேலே வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பலர் பயன்படுத்தும் பிரிண்டரில், அச்சு வரிசையில் வேறொருவரின் கோப்பு முந்திக்கொண்டால், காசு கொடுத்து வாங்கிய தாளில் அவருடைய மின்கட்டண ரசீது அச்சாகும். எனக்கு நடந்திருக்கிறது.

கையால் செருகும் வாய் மெதுவானது. பல சிறிய லேசர் பிரிண்டர்களில் ஒருமுறைக்கு ஒரே தாள்தான். ஆனாலும் நான் அதைத்தான் தேர்வேன். தாள் தட்டிலிருந்து வருவதைவிடக் குறைவாகவே வளையும், பக்கவாட்டுத் தடுப்புகளை ஒட்டி வைத்தால் கோணாது.

வேர்டில் Page Setup, பிறகு Paper. அங்கே First page என்பதற்கு Manual Feed, Other pages என்பதற்கு Tray 1. இதைத் தொடாமல் பிரிண்டர் அமைப்பை மட்டும் மாற்றினால், கோப்பில் பதிந்திருக்கும் பழைய தேர்வே வென்று தவறான தட்டிலிருந்து தாள் வரக்கூடும். தாளளவு சரியா என்றும் பாருங்கள்: கோப்பு லீகல், தட்டில் ஏ4 என்றால் பிரிண்டர் வேறு தட்டைத் தேடும், அல்லது விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

எந்தப் பக்கம் அச்சாகும் என்பது தட்டுக்கும் வாய்க்கும் வேறுபடலாம். பென்சில் குறியிட்ட வெற்றுத்தாளை முதலில் விட்டுப் பாருங்கள்.