நிலையான நம்பர் பிளேட்டை மறைக்க நிமிடக் கணக்கில் கட்டணம்: ஓர் எச்சரிக்கை

பத்தமடையில் கோரைப்பாய் நெசவு பற்றி நான் எடுத்த 20 நிமிட வீடியோவில், தறிக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரரின் கார் தொடக்கம் முதல் இறுதிவரை நம்பர் பிளேட்டோடு நின்றது. கேமரா முக்காலியில் அசையாமல் இருந்ததால், பிளேட்டும் திரையில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதை மங்கலாக்கித் தரும்படி பாளையங்கோட்டையில் ஓர் எடிட்டிங் கடையில் கொடுத்தேன். நொடிக்கு 25 படம் வீதம் 30,000 படங்களையும் கையால் திருத்த வேண்டும் என்று சொல்லி, நிமிடத்துக்கு 200 ரூபாயாக 4,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

கடையில் முதல் சில நிமிடங்களை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். வீட்டில் முழுவதையும் பார்த்தபோது, ஏழாவது நிமிடத்துக்குப் பிறகு பிளேட் அப்பட்டமாகத் தெரிந்தது. கேட்டதற்கு, "அண்ணாச்சி, அது வேற கிளிப்பு, அதுக்குத் தனியா போடணும்" என்று மேலும் பணம் கேட்டார்கள். அதாவது, வீடியோவை நடுவில் வெட்டிவிட்டு, மங்கலை முதல் துண்டுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். கையால் 30,000 படங்களைத் திருத்தியவர்களுக்கு இப்படி நேர்ந்திருக்க வழியே இல்லை.

மங்கலாக்கிய பகுதியும் உருப்படியாக இல்லை. படத்தைச் சிறிதாக்கி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், "டி.என். 72" என்ற முன்பகுதியும் அடுத்த எழுத்துகளும் புலப்பட்டன. நம்பர் பிளேட்டில் எழுத்துகளும் இலக்கங்களும் குறைவு, அவை அமையும் முறையும் எல்லாருக்கும் தெரிந்தது; ஆகவே இலேசான மங்கல் அதைக் காக்காது. கெட்டியான நிறத்தில் மூடுவதே பாதுகாப்பு.

அசையாத பகுதியை மூட, ffmpeg என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -i in.mp4 -vf "drawbox=x=820:y=610:w=240:h=70:color=black:t=fill" -c:a copy out.mp4
```

`x`, `y` என்பன திரையின் இடது மேல் மூலையிலிருந்து பெட்டி தொடங்கும் இடம். `w`, `h` அதன் அகலமும் உயரமும். வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெயிண்ட் மென்பொருளில் திறந்தால், சுட்டியை நகர்த்தும்போது இந்த எண்கள் கீழே தெரியும். நேரம் எதையும் குறிப்பிடாததால், பெட்டி முழு வீடியோவிலும் இருக்கும். முக்காலி சற்றே இடறியிருக்கலாம் என்பதால், பிளேட்டைவிடப் பெட்டியைச் சிறிது பெரிதாக வையுங்கள். கேமரா நகர்ந்த வீடியோவுக்கோ ஓடும் வண்டிக்கோ இது உதவாது. அதற்கு இலக்கைப் பின்தொடரும் வேலை உண்மையிலேயே தேவை, கூடுதல் கட்டணம் கேட்பதும் நியாயம்.

கடையில் கொடுத்தே செய்தாலும், மீதிப் பணம் தருவதற்கு முன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ffmpeg -i out.mp4 -vf fps=1/10 p_%03d.png
```

பத்து நொடிக்கு ஒன்றாக, 20 நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 படங்கள் கிடைக்கும். அவற்றைச் சிறுபடங்களாக அடுக்கிப் பார்த்தால், எங்கே விடுபட்டது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வெட்டு விழுந்த இடங்களை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட நொடிகளில் விடுபட்டதை இந்தச் சோதனை காட்டாது.