ஏ2-வா, பி1-ஆ: எதைச் சான்றாகக் காட்டுவது?

பாளையங்கோட்டையில் தமிழ் கற்க வந்த மும்பைப் பெண் எழுதியது இது: "மழை பெய்ததால் பஸ் வறவில்லை. அதனால் வண்ணார்பேட்டை வரை நடந்தேன். அம்மா பயந்துவிடுவார் என்று நினைத்து முதலில் போன் செய்தேன்."

மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் இவரை ஏ2 என்ற அடிப்படை நிலையில் வைப்பதா, அதற்கு அடுத்த பி1 நிலையில் வைப்பதா? பிழைகளை எண்ணினால், 'வறவில்லை' அவரை ஏ2-வுக்குத் தள்ளிவிடும். ஆனால் எழுத்துப்பிழை பி1-இலும் வரும். அது நிலையைப் பிரித்துக் காட்டாது.

வாக்கியங்கள் இணையும் விதத்தைப் பாருங்கள். ஏ2-வில் 'ஆனால்', 'ஏனென்றால்' போன்ற எளிய இணைப்புகளோடு துண்டு வாக்கியங்களே வரும். இவரோ காரணத்தையும் மனத்தில் ஓடியதையும் கோத்து, நடந்ததைத் தொடர்ச்சியாகச் சொல்கிறார். நான் பி1 என்றே பரிந்துரைப்பேன். சான்றாக மூன்றாம் வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதுவேன். மனப்பாடமோ என்ற ஐயம் எழுந்தால், வேறொரு தலைப்பில் இன்னொரு பத்தி எழுதச் சொல்ல வேண்டும்.