கரண்ட் போனால் சாவது யார்? மைன்கிராஃப்ட் ஹார்ட்கோரும் வாவ் ஹார்ட்கோரும்

ஹட்டன் பக்கம் ஒக்டோபர் மாதத்தில் காலை வெயிலை நம்பி யாரும் துணி காயப்போட மாட்டார்கள். மதியம் தாண்டினால் மலைக்குப் பின்னால் இடி உருளத் தொடங்கும், மூன்று மணிக்குள் லைட் ஒருமுறை சிமிட்டும். ஹார்ட்கோர் விளையாடப் போகிறவர் இங்கே முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிமிட்டலைத்தான். எந்த கேம் கஷ்டம் என்பதெல்லாம் அப்புறம்.

நானும் பண்டாரவளையில் இருக்கும் மாமா மகனும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் போனோம். நான் மைன்கிராஃப்ட் ஹார்ட்கோர், ஜாவா பதிப்பு, தனியாக, ஒஃப்லைனில். அவன் வாவ், அதாவது வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கின் ஹார்ட்கோர் சேர்வர். இரண்டிலும் செத்தால் செத்ததுதான். மைன்கிராஃப்டில் அந்த உலகத்தை ஆவியைப் போலச் சுற்றிப் பார்க்கலாம், கை வைக்க முடியாது. வாவில் அந்தப் பாத்திரத்துக்கு ஹார்ட்கோர் சேர்வரில் மறுபடி உயிர் இல்லை. வேண்டுமானால் சாதாரண சேர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே போனபின் அவனுக்கு என்ன மதிப்பு என்பது வேறு கதை.

வித்தியாசம் எங்கே என்றால், கரண்ட் போகும் அந்த நொடியில். மைன்கிராஃப்டில் உலகம் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுகிறது. கணினி அணைந்தால் ஸோம்பியும் அணைந்துவிடும். திரும்பப் போட்டால் கடைசியாகச் சேமித்த இடத்தில், சில நிமிடம் பின்னால் நிற்பீர்கள். வாவில் உலகம் வேறொரு கண்டத்தில் ஓடுகிறது. உங்கள் வீட்டு ரூட்டர் அணைந்தது அங்கிருக்கும் ஓநாய்க்குத் தெரியாது. உங்கள் ஆள் கொஞ்ச நேரம் அங்கேயே மரம் மாதிரி நிற்பான், ஓநாய் கடித்துக்கொண்டே இருக்கும்.

மாமா மகனுக்கு நடந்தது இதுதான். 23ஆம் லெவல் மேஜ், ரெட்ரிட்ஜ் மலையில் நோல் என்ற மிருகமுக எதிரியோடு சண்டை. கணினிக்கு யூபிஎஸ் இருந்தது, ரூட்டருக்கு இல்லை. லைட் சிமிட்டியது. திரையில் எல்லாம் வழமை போலத்தான் தெரிந்தது, அவனால் நடக்கவும் முடிந்தது. ஆனால் நோல் அடிக்கவில்லை, மந்திரம் அழுத்தினால் போகவில்லை, உயிர் எண் அசையவில்லை, பொது அரட்டையிலும் ஒரு வரி வரவில்லை. “அட, நோல் பயந்துட்டான்னு நெனச்சேன் மச்சான்” என்றான் பிறகு. பயந்ததாவது! தொடர்பு போனதன் அடையாளம் அது. அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே சேர்வரில் விஷயம் முடிந்திருந்தது. தொடர்பு போய்ச் செத்தவர்களை எழுப்பிக் கொடுப்பதில்லை என்பதுதான் வாவை நடத்தும் நிறுவனத்தின் பொது விதி. 2025இல் சேர்வரையே குறிவைத்த தாக்குதலில் செத்தவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பண்டாரவளையில் இடி விழுந்ததற்கு அது பொருந்தாது.

அப்படியானால் மைன்கிராஃப்ட்தானே என்று கேட்கலாம். எங்கள் ஊருக்கு, ஆரம்பத்துக்கு, ஆம். ஆனால் அதில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. கரண்ட் போனால் சில நிமிடம் பின்னால் போகிறது என்றேன் அல்லவா? கிட்ட வந்து வெடிக்கும் கிரீப்பர் பின்னால் சீறும்போது பிளக்கை இழுக்கக் கை அரிக்கும். அதை ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் அது ஹார்ட்கோர் இல்லை, நீங்களே உங்களுக்குப் போடும் நாடகம். நான் வைத்திருக்கும் விதி இது: தினம் விளையாடி முடித்தபின் உலகக் கோப்புறையைப் பிரதி எடுப்பேன். ஏனென்றால் சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போகலாம். கெட்டால் முதலில் `level.dat` கோப்பைத் தள்ளிவைத்து, கேம் தானே வைத்திருக்கும் `level.dat_old` கோப்புக்கு அந்தப் பெயரைக் கொடுத்துப் பார்ப்பேன். அதுவும் சரிவராவிட்டால்தான் பிரதி. நான் செத்ததற்காக அதைத் திறப்பதில்லை. திறந்தால் கேட்க ஆள் இல்லை, அதுதான் கஷ்டமே.

வாவில் கேட்க ஆள் உண்டு. யாராவது செத்தால் எந்த லெவலில், எதனால் என்று அறிவிப்பு வரும். வெஸ்ட்ஃபோல் என்ற இடத்தில் டீஃபியஸ் பில்லேஜர் என்று தூரத்திலிருந்து நெருப்பு எறியும் ஒருவன் இருக்கிறான். அவன் காவு வாங்கியவர்கள் அவ்வளவு பேர். 2023 ஓகஸ்டில் அதிகாரபூர்வ ஹார்ட்கோர் சேர்வர்கள் திறந்தபோது ஒரு சேர்வருக்கே அவன் பெயரை வைத்தார்கள். ஏன் இதை விரும்பி விளையாடுகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் அங்கேதான் இருக்கிறது. சாதாரண சேர்வரில் அவன் ஒரு தொல்லை, அவ்வளவுதான். செத்தால் ஆவியாக ஓடிவந்து உடலை எடுத்துக்கொள்வீர்கள். ஹார்ட்கோரில் அவன் நிற்கும் வயலைக் கண்டாலே கால் தயங்கும். வழியில் போகும் முன்பின் தெரியாத ஒருவர் நின்று உங்கள் சண்டை முடியும்வரை பார்த்திருப்பார். மைன்கிராஃப்டில் இந்தத் துணை கிடையாது.

தயாரிப்பும் இதனால் இரண்டு விதம். மைன்கிராஃப்டில் உங்களைக் கொல்வது உங்கள் கணக்குப் பிழை. உயிர் 20 புள்ளி. விழும்போது முதல் மூன்று கட்டை உயரத்துக்குச் சேதம் இல்லை, அதன்பின் கட்டைக்கு ஒரு புள்ளி. முழு உயிரோடு 23 கட்டை விழுந்தால் முடிந்தது. என் முதல் உலகம் போனது 14 கட்டையில். குகையில் எலும்புக்கூட்டிடம் அம்பு வாங்கி உயிர் பாதி, அதாவது 10 புள்ளி. சாப்பிடாமல் விளிம்பில் தீப்பந்தம் வைக்கப் போனேன். 14இல் மூன்றைக் கழித்தால் 11. ஒரு புள்ளி வித்தியாசம்! பசிப் பட்டை கிட்டத்தட்ட நிறைந்திருந்தால்தான் உயிர் தானாக ஏறும். அதனால் இப்போது அடி வாங்கினால் இரண்டு கட்டை வைத்துச் சுவர் அடைத்துச் சாப்பிட்டபின்தான் அடுத்த அடி. விளிம்பில் எப்போதும் Shift. முதல் இரும்புக் கட்டி கேடயத்துக்கு. ஆறு பலகையும் அந்த ஒரு இரும்பும் போதும். கேடயத்தை அதன் பக்கம் திருப்பிப் பிடித்தால் கிரீப்பர் வெடிப்பைக்கூடத் தாங்கும், முதுகுப் பக்கம் வெடித்தால் உதவாது.

வாவில் உங்களைக் கொல்வது பெரும்பாலும் கூட்டமும் நேரமும். உங்களைவிட இரண்டு லெவல் குறைந்த எதிரியோடு, ஒரு தடவைக்கு ஒன்றோடு சண்டை. சுரங்கத்துக்குள் தனியாகப் போவதில்லை. உள்ளே போகும்போது கொன்றவை நீங்கள் திரும்பும்போது பின்னால் முளைத்திருக்கும். சத்திரத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் ஹார்த்ஸ்டோன் வேலை செய்யப் பத்து நொடி வேண்டும், அடி விழும்போது அந்தப் பத்து நொடி கிடைக்காது. மாமா மகன் இரண்டாவது தடவை ஹண்டர் எடுத்தான். முன்னால் நின்று அடி வாங்க வளர்ப்பு மிருகம் இருக்கிறது, 30ஆம் லெவலில் செத்த மாதிரி நடிக்கும் வித்தையும் வரும்.

வீட்டுப் பக்கம் அவன் செய்தது சின்ன வேலை. ரூட்டருக்கு அதன் வோல்ட்டுக்கே பொருந்தும் ஒரு குட்டி பேட்டரி யூபிஎஸ். ஆனால் ஊர் முழுக்க இருட்டானால் சிக்னல் கோபுரத்தின் பேட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அவன் அதைச் சண்டையைத் தொடர வைத்துக்கொள்ளவில்லை, சத்திரம்வரை நடந்து போய் வெளியேறத்தான். சத்திரத்துக்குள் நின்றால் லொக்அவுட் உடனே நடக்கும், காட்டில் என்றால் 20 நொடி உட்கார்ந்திருக்க வேண்டும். சண்டைக்கு முன் மெனு பட்டன்மேல் சுட்டியை வைத்து மில்லிசெக்கன்ட் எண்ணைப் பார்ப்பதும் இப்போது பழக்கம். எண் குதித்துக்கொண்டிருந்தால் அன்று கேமுக்குள் மீன் பிடிப்பான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மைன்கிராஃப்டுக்கு ஒருமுறை காசு, வாவுக்கு மாதாமாதம் டொலர். அது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நேற்று மூன்று மணிக்கு அழைத்தான். பின்னால் மழை தகரத்தில் கொட்டுகிறது. “எங்கடா நிக்கிற?” என்றேன். “லேக்‌ஷயர் சத்திரத்துல. இடி நிக்கட்டும்.” 22ஆம் லெவல். நோலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.